பட்டில் ஏது கஞ்சி

அந்தச் சலவைக் கடையில் மூத்த மாப்பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மடிப்பு’ என்றால்தான் ஆளைத் தெரியும். அவர் மடித்துக் கொடுத்த சட்டையைப் பிரிக்க மனசு வராமல் அப்படியே அலமாரியில் வைத்திருந்தவர்கள் உண்டு. கை மடங்கும் இடம், கழுத்துப் பட்டை படியும் இடம், எல்லாம் அச்சில் வார்த்தது போல இருக்கும். இஸ்திரி போட வந்த ஆளுக்குத் தன் பெரிய மகளையே கட்டிக் கொடுத்தார் கடைக்காரர் என்றால் அந்தக் கையின் அழகைப் பார்த்துத்தான். இதை நான் சொல்லவில்லை. மடிப்பே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைக்கு ஒரே மாப்பிள்ளையாக அவர் இருந்த காலம் பொற்காலம். மாமனார் எதையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார். மாமியார் முதல் தட்டை அவருக்குத்தான் வைப்பார். அப்புறம் சின்ன மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சகலை வந்து சேர்ந்தான்.

சகலை வெறுங்கையோடு வரவில்லை. கஞ்சி காய்ச்சத் தெரிந்துகொண்டு வந்தான். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டி தட்டாமல் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிண்டி, மெல்லிய துணியில் வடிகட்டி, எந்தத் துணிக்கு எவ்வளவு நீர்க்க வேண்டும் என்று விரல் நுனியில் தொட்டே சொல்லுவான். அவன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மொடமொடவென்று நிற்கும். “இதுக்குள்ள ஆள் வேணும்னே இல்லப்பா, தானா எழுந்து ஆபீசுக்குப் போயிடும்” என்று வாடிக்கையாளர்கள் சிரித்தார்கள். சீக்கிரமே அவனுடைய சொந்தப் பெயரும் மறைந்துவிட்டது. கஞ்சி என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள்.

அந்தச் செல்லம்தான் மடிப்பை உறுத்தியது. அவரை மடிப்பு என்று கூப்பிடும்போது குரலில் மரியாதை இருந்தது. செல்லம் இருந்ததில்லை. கஞ்சி நடந்து வந்தால் தெருவில் நாலு பேர் நின்று பேசுகிறார்கள். இவர் நடந்து வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் அவன் போட்ட கஞ்சிக்கு மேலே மடிப்பு வைப்பது இவர் கைதான். ஊர் பார்ப்பது விறைப்பை மட்டும்.

“உன் தங்கச்சி புருஷனைத் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க” என்றார் ஒருநாள் மனைவியிடம்.

“ஆடட்டும், உங்களுக்கென்ன கழுத்து வலிக்குதா” என்றாள் அவள். வெந்நீர்த் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் அவருக்குச் சுட்டது.

கடையின் பெரிய வேலை ஒரு நாடகக் குழுவோடது. மேடையில் போர்வீரர்கள், காவலர்கள், எழுத்தர்கள் போட்டுக்கொள்ளும் பருத்திச் சட்டைகளும், ராஜாவும் மந்திரிகளும் போட்டுக்கொள்ளும் நீண்ட பட்டு அங்கிகளும் இங்கேதான் வெளுப்புக்கு வரும். மழைக் காலத்தில் குழுவுக்கு நாடகம் கிடையாது. அப்போது உடுப்பு எல்லாம் கடையின் மாடி அறையிலேயே, ஒரு பெரிய மர அலமாரியில், அடுத்த பருவம் வரை இருக்கும். அந்த அறையின் சாவி மாமனாரின் இடுப்பில். அவருக்கு முழங்கால் தேய்ந்து மாடி ஏற முடியாமல் போனதும், “மழை முடிஞ்சு குழுக்காரங்க வந்து பார்க்கட்டும். உடுப்பை யார் நல்லா வெச்சிருக்கீங்களோ, சாவி அவங்களுக்கு” என்று சொல்லிவிட்டார். சாவி என்றால் வெறும் இரும்புத் துண்டா? மாடி அறை யார் கையிலோ குழு வேலை அவர் கையில், குழு வேலை யார் கையிலோ நாளைக்குக் கடையே அவர் பேச்சைத்தான் கேட்கும். மடிப்புக்கு அந்தச் சாவி வேண்டும். அதைவிட, அது சகலைக்குப் போகக் கூடாது.

பருவத்தின் கடைசி நாடகம் முடிந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. குழுத் தலைவி உடுப்பு மூட்டைகளோடு வந்து இறங்கினார். உயரமான அம்மாள், பேச்சு எப்போதும் மேடையில் பேசுவது மாதிரி கணீரென்று இருக்கும்.

“இந்தத் தடவை மழை விட்டதும் உடனே நாடகம் இருக்கு. அப்ப வந்து வெளுத்துக் குடு, கஞ்சி போட்டுக் குடுன்னு நிக்க முடியாது. எடுத்தா உடனே மாட்டிக்கிற மாதிரி இருக்கணும்.”

“அதுக்கென்னம்மா, இப்பவே கஞ்சி போட்டு வெச்சுடறேன்” என்றான் கஞ்சி.

மடிப்பு இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

ஏனென்றால் அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் வேறொரு கடையில் வேலை பார்த்தபோது, ஒரு விடுதியின் மேசை விரிப்புகள் படிக்கட்டுக்கு அடியில் மழைக் காலம் பூராவும் கிடந்துவிட்டன. எடுத்துப் பார்த்தால் விரிப்பெல்லாம் சல்லடை. அதே மூட்டையில், அவற்றுக்கு நடுவிலேயே கிடந்த கைத்துண்டுகளில் ஒரு கீறல் இல்லை. இரண்டும் ஒரே பருத்தி. விரிப்பில் கஞ்சி இருந்தது, துண்டில் இல்லை. அன்றைக்கே அவருக்கு விளங்கிவிட்டது. பளபளவென்று மீன் குஞ்சு மாதிரி நெளிந்து ஓடும் வெள்ளிப்பூச்சிக்கு வேண்டியது துணி இல்லை. துணிமேல் இருக்கிற மாவு. அதற்குக் கஞ்சி என்றால் சாப்பாடு. ஈரமும் இருட்டும் சேர்ந்துவிட்டால் உட்கார்ந்து சாப்பிடும். மாவைச் சுரண்டும்போது நூலும் கூடவே போகிறது. அதனால்தான் நல்ல கடைகளில் வைக்கிற துணிக்குக் கஞ்சி போட மாட்டார்கள். கஞ்சியை அலசி எடுத்து, மொறுமொறுவென்று காய வைத்துத்தான் பெட்டியில் போடுவார்கள். உடுத்தப்போகிற நாளைக்குத்தான் கஞ்சி.

கஞ்சிக்கு இது தெரியாது. அவன் இதுவரை போட்டதெல்லாம் மறுநாள் உடுத்துகிற துணிக்கு. இந்தக் கடையிலும் அந்த வழக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்லி வந்ததில்லை. ‘கேட்டால் சொல்லலாம்’ என்று மடிப்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ‘அவன் கேட்கட்டும். பெரிய கஞ்சி மன்னன்.’ சகலை கேட்கவில்லை. எதற்குக் கேட்பான், தப்பு என்று தெரிந்தால்தானே கேட்க.

சகலை பருத்திச் சட்டைகளுக்கெல்லாம் கஞ்சியைக் கெட்டியாகப் போட்டான். கழுத்துப் பட்டைக்கும் கை முனைக்கும் இரட்டை. மழைக்கு நடுவே கிடைத்த வெயிலில் காய்ந்தும் காயாமலும் எடுத்து, மாடிக்கு அனுப்பினான். மடிப்பு அவற்றை அழகாக மடித்து அடுக்கினார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக மடித்ததில்லை.

பட்டு அங்கிகள் அவர் பொறுப்பு. அது பழைய ஏற்பாடு. பட்டுக்குச் சூடு பார்த்து இஸ்திரிப் பெட்டி வைக்க அவரைத் தவிர ஆளில்லை. அங்கிகளைச் சாயம் போகாமல் குளிர்ந்த தண்ணீரில் உள்பக்கமாக அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். மழையில் அலசினால் எங்கே உலர்த்துவது? எல்லா அங்கியையும் உள்ளே வெளியே திருப்பி, ஒரு பிற்பகல் முழுக்கக் காற்றாட விட்டார். அப்புறம் மேலே மெல்லிய துணி போட்டுச் சூடாகத் தேய்த்தார். பட்டு மினுங்கியது. அக்குளில் வெள்ளையாகப் பூத்திருந்த வியர்வை உப்பு மறைந்தது. கொஞ்சம் வாடை வந்தது, அதுவும் ஆறினதும் அடங்கிவிட்டது. கஞ்சி இல்லாத துணிக்குப் பூச்சி வராது என்பது அவர் கணக்கு. போதாததற்கு மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டையும் வைத்தார். பாச்சையின் பெயரையே வைத்த உருண்டை, அப்புறம் என்ன பயம்.

மழை விடாமல் பெய்தது. அலமாரி நின்ற சுவருக்கு அந்தப் பக்கம்தான் வெந்நீர்த் தொட்டியின் குழாய். சுவர் எப்போதும் வெதுவெதுவென்று ஈரமாக இருக்கும். இதுவும் மடிப்புக்குத் தெரியும்.

ஒருநாள் மாமனார் தூங்கும் நேரம் பார்த்து, “மாடியில ஒழுகுதான்னு பாத்துட்டு வரேன்” என்று மாமியாரிடம் சொல்லி, மாமனார் கழற்றி வைத்திருந்த சாவியை வாங்கிக்கொண்டு ஏறினார். அலமாரியைத் திறந்தார். மேல் தட்டில் இருந்த சட்டையைத் தூக்கினார். கழுத்துப் பட்டைக்கு அடியிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. வெள்ளி நிறம், மூன்று வால். பின்னாலேயே இன்னொன்று. துணியில் மிளகுத் தூள் தூவினது போல எச்சம், மஞ்சளாய்ச் சில கறை. பட்டையின் ஓரம் நைந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஜன்னல் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். அலசிக் காயப்போட்டிருக்கலாம். மடிப்பு சட்டையை இருந்த இடத்திலேயே, இருந்த மடிப்பிலேயே வைத்தார். கதவைச் சாத்தினார். படி இறங்கும்போது கால் தரையில் படவில்லை. அன்றைக்கு இரவு சகலைக்கு மாமியார் முதலில் பரிமாறியபோது அவருக்கு எரியவே இல்லை. சாப்பிடு ராஜா, நன்றாகச் சாப்பிடு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார். ஒன்றே ஒன்று, கீழ்த் தட்டில் இருந்த பட்டுத் துணியை அவர் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்கு என்ன வரப்போகிறது என்று விட்டுவிட்டார்.

மழை விட்டது. குழுத் தலைவி வந்தார். மாமனாருக்குப் படி ஏற முடியாததால் அலமாரியில் இருந்ததையெல்லாம் கீழே கொண்டுவந்து இஸ்திரி மேசையில் அடுக்கினார்கள். மாமியார், இரண்டு மகள்கள், இரண்டு மாப்பிள்ளைகள், எல்லாரும் சுற்றி நின்றார்கள். சாவி மேசை ஓரத்தில் கிடந்தது.

முதல் சட்டையைப் பிரித்ததும் கழுத்துப் பட்டை தலைவியின் கையோடு வந்துவிட்டது. இரண்டாவதில் கை முனை. மூன்றாவதை மாமனார் வாங்கி விரலால் அழுத்தினார். விரல் அந்தப் பக்கம் வந்தது.

கஞ்சியின் முகத்தில் ஈயாடவில்லை. மடிப்பு முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டார்.

“என்னய்யா இது, சட்டையா வலையா” என்றார் தலைவி.

அடுத்து பட்டு. ராஜா அங்கியை மடிப்பே எடுத்தார், தன் பொருளைக் காட்டுகிற பெருமையோடு. பிரித்தபோது ஒரு நாற்றம் வந்தது. அவருக்கு அந்த நாற்றம் தெரியும், எல்லார் வீட்டிலும் தெரியும், அது கரப்பானுடையது. அங்கியின் முன்பக்கம் அப்படியே மினுங்கியது. அக்குள் இரண்டும் இல்லை. உள் கழுத்தில் கொறித்த மாதிரிக் கடி. மடிப்புகளில் கரும்புள்ளிகள், ஈரம் பட்டு இழுத்துக்கொண்ட பழுப்புத் தீற்றல். தையலோரம் ஒரு கருப்பு விதை போல முட்டைக் கூடு. பக்கத்திலேயே பாச்சை உருண்டை பாதி கரைந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாப்பிட்டிருக்கின்றன. அடுத்த அங்கியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

மடிப்புக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. எங்கே வியர்த்ததோ அங்கேதான் கடி. ராஜாவாக நடிப்பவன் விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்காக வியர்த்தது, உப்பும் உடம்பு எண்ணெயும் தோல் பொடியும், இடைவேளையில் துடைத்த வாய் எச்சமும், எல்லாம் பட்டுக்குள் இருந்தன. அவர் அதைக் கழுவவில்லை. மேலே தேய்த்து மறைத்துவிட்டார். பூச்சிக்குக் கண் எதற்கு, அதற்கு வாடை போதும். கஞ்சி வெள்ளிப்பூச்சிக்குப் பந்தி வைத்தான் என்றால், கரப்பானுக்குப் பந்தி வைத்தது இவர்.

நல்ல வேளையாக அது யாருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் பூச்சி என்றால் பூச்சி. கடி என்றால் கடி.

அப்போது கஞ்சி முன்னால் வந்தான். கண் கலங்கியிருந்தது. மாமனாருக்கும் தலைவிக்கும் நடுவில் நின்று, “அம்மா, தப்பு என்னோடது. எல்லாத்துக்கும் நான் போட்ட கஞ்சிதான் காரணம். அதுக்கு வந்த பூச்சிதான் பட்டுத் துணியையும் தின்னிருக்கு. அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கெடுத்துட்டேன்” என்றான்.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சின்ன மகள் புருஷனைப் பார்த்த பார்வையில் அலமாரி அலமாரியாகத் துணி எரிந்தாலும் பரவாயில்லை என்பது இருந்தது. தலைவியின் முகம்கூட இளகிவிட்டது.

“இப்படி நேராச் சொல்றவங்க எத்தனை பேரு இருக்காங்க. போகட்டும் தம்பி, துணிதானே” என்றார். மாமனார் கஞ்சியின் தோளில் கை வைத்தார்.

பாருங்கள் மடிப்பின் கஷ்டத்தை. மழைக் காலம் பூராவும் காத்திருந்து, வாயைக் கட்டிக்கொண்டு, அவனைக் குழியில் தள்ளினார். அவனோ குழிக்குள்ளேயே மாலை வாங்குகிறான். தோற்றாலும் அவனுக்குத்தான் தோளில் கை. தப்பு செய்தாலும் அவனுக்குத்தான் செல்லம். அதுவும் யாருடைய தப்புக்கு? இவருடைய தப்புக்கும் சேர்த்து அவன் பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். அவர் வயிறு எரிந்த எரிச்சலில் நாக்கு முந்திக்கொண்டது.

“பட்டுல ஏதுப்பா கஞ்சி?”

எல்லாரும் திரும்பினார்கள்.

“பட்டுக்கு நீ கஞ்சியே போடலையே. அது எப்படி உன் தப்பாகும்? எல்லாத்துக்கும் நீயே பொறுப்பா?” அவர் மேசைக்கு முன்னால் வந்துவிட்டார். “இதப் பாருங்க மாமா. சட்டையில இருக்கிறது சுரண்டல். மேல்பக்கமா அரிச்சு அரிச்சு, ஓரமெல்லாம் கோணல் மாணலா நைஞ்சிருக்கு. எங்க கஞ்சி கெட்டியோ அங்கதான். இது வெள்ளிப்பூச்சி. அதுக்கு மாவு வேணும். பட்டுத் துணியைப் பாருங்க. இது கடிச்சுப் பிச்சது. அக்குள், கழுத்து, ரெண்டே இடம். முதுகுல ஒரு கடி இருக்கா? முன்பக்கம் இருக்கா? இது கரப்பான். அது வந்தது வேர்வைக்கு. வேர்வையை அலசாம வெறும் காத்துல ஆறப்போட்டுப் பெட்டி தேய்ச்சு வெச்சது நான். இது என்னோடது. இவனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

தன் தப்பைச் சொல்கிற மாதிரியா சொன்னார்? தன் சொத்தை ஒருவன் பட்டா போட்டுக்கொண்டான் என்பது மாதிரிச் சொன்னார். ஆனால் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார் பட்டு அங்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். தலைவி கிட்டத்தில் குனிந்து இரண்டு கடியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கஞ்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கடையே தன் வாயைப் பார்ப்பதில் மடிப்புக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கடையின் மேசை விரிப்பு, கைத்துண்டு, படிக்கட்டு, எல்லாவற்றையும் சொன்னார். கஞ்சி போட்ட துணியை ஏன் எடுத்து வைக்கக் கூடாது என்று விளக்கினார். சுவர் ஈரத்தைச் சொன்னார். எச்சத்தை விரலில் தொட்டுக் காட்டினார்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது தலைவி நிமிர்ந்தார். கேட்ட கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்.

“இவ்வளவு தெரிஞ்சவரு, அன்னிக்கு இந்தத் தம்பி கஞ்சி போடறேன்னு சொன்னப்ப பக்கத்துலதானே நின்னீங்க. ஏன் சொல்லல?”

மடிப்பு விரலில் ஒட்டியிருந்த எச்சத்தை வேட்டியில் துடைத்தார்.

மாமனாரின் கை கஞ்சியின் தோளிலிருந்து இறங்கியது. “உங்களுக்கு அப்பவே தெரியுமா மாப்பிள்ளை?”

தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. இப்போதுதானே படிக்கட்டு வரைக்கும் சொல்லி முடித்தார்.

“தெரியும்” என்றார்.

“நடுவுல ஒழுகுதான்னு பாக்கப் போனீங்களே, அப்ப?” இது மாமியார்.

“அப்பவும் பார்த்தேன்.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். சின்ன மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஞ்சி மட்டும் கிட்டே வந்தான். அவன் குரல் தாழ்ந்திருந்தது.

“நான் வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாண்ணே?”

மடிப்பு அவனைப் பார்த்தார். பொய் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆமாம் என்றால் அவன் நம்பிவிடுவான், அதுவும் தெரிந்தது. அந்த நம்பிக்கையே அவருக்குப் பொறுக்கவில்லை.

“தெரியலப்பா” என்றார்.

மாமனார் சாவியை எடுத்தார். இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்க்காமல் பெரிய மகளின் கையில் வைத்தார். மடிப்பின் மனைவி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்று மாலை அவள் பட்டு அங்கிகளை ஒவ்வொன்றாகக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தாள், மிச்சத்தையாவது காப்பாற்ற. அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“உனக்கும் கோவமா?”

“நீங்க பெட்டி தேய்ச்ச அன்னிக்கே எனக்கு வேர்வை வாடை வந்துச்சு” என்றாள். “நான் உங்ககிட்ட சொல்லியிருக்கலாம். எப்பப் பாத்தாலும் அவனைப் பத்தியே பொருமிக்கிட்டிருந்தீங்க. போகட்டும், ஒரு தடவை பட்டாத்தான் தெரியும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்.”

அங்கியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவர் பக்கம் நீட்டினாள். பிடித்துக்கொண்டார்.